டிரெய்லர் வரிசையில் கியர்பாக்ஸ் எச்சரிக்கை: சூடா, பழுதா?

திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்குத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர் வரிசை புதிதல்ல. எண்ணூர் விரைவுச் சாலைக்குப் பெயரில்தான் விரைவு. ஜீரோ கேட் பக்கம் வரிசை நின்றுவிட்டால் காசிமேடு வரை ஊர்ந்துதான் போக வேண்டும். கிளட்ச் பெடல் இல்லாத காரில், மீட்டரில் கியர்பாக்ஸ் எச்சரிக்கை முதல்முதலாக எரிவது பெரும்பாலும் இந்த மாதிரி ஊர்வலத்தில்தான். பலரும் உடனே பழுது என்று முடிவு கட்டி, அடுத்த நாளே பெரிய செலவுக்குத் தயாராகிவிடுகிறார்கள். பல வண்டிகளில் அது வெறும் சூடு. சிலவற்றில் நிஜமான பழுது இருக்கும். இரண்டையும் பிரித்தறிய கிளட்ச் எங்கே, எதனால் சூடாகிறது என்பது தெரிய வேண்டும்.

முதலில் ஒரு எண். பெட்ரோல் கார் ஒன்றில் முதல் கியரின் மொத்தப் பல்விகிதம் சுமார் 15 இருக்கும். டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.95 மீட்டர் உருளும். எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், கிளட்ச் முழுதாகப் பிடித்த நிலையில் வண்டி நிமிடத்துக்கு 104 மீட்டர் நகரும். அது மணிக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வண்டிக்கு வண்டி இது ஆறிலிருந்து எட்டு வரை மாறும். கணக்குக்கு ஏழு என்று வைத்துக்கொள்வோம். வண்டி இந்த வேகத்துக்குக் கீழே நகரும்போதெல்லாம் எஞ்சின் ஒரு வேகத்திலும் சக்கரம் அதைவிடக் குறைந்த வேகத்திலும் சுற்றுகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைக் கிளட்ச் வழுக்கியே சரிக்கட்ட வேண்டும். பெடல் உள்ள வண்டியில் நாம் ஹாஃப் கிளட்ச் என்று சொல்வது இதைத்தான். இங்கே அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது, நம் காலுக்கு அது தெரிவதில்லை என்பது மட்டுமே வித்தியாசம். டிரெய்லர் வரிசை நகரும் வேகம் மூன்று, நான்கு கிலோமீட்டர். அதாவது அந்த வரிசையில் பிரேக்கிலிருந்து கால் எடுத்து நகர்கிற ஒவ்வொரு நொடியும் ஹாஃப் கிளட்ச்தான்.

டார்க் கன்வர்ட்டர் உள்ள பழைய பாணி ஆட்டோமேட்டிக்கில் இந்த வழுக்கலை எண்ணெய் ஏற்றுக்கொண்டு கூலர் வழியாக வெளியேற்றிவிடும். ஈர வகை இரட்டைக் கிளட்ச்சிலும் தட்டுகள் எண்ணெயில் மிதப்பதால் கொஞ்சம் தாங்கும். இங்கே பேசுவது உலர் தட்டு வகைகளைப் பற்றி. போக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வந்த ஏழு கியர் உலர் டிஎஸ்ஜி, ஹூண்டாய், கியா கார்களின் ஏழு கியர் டிசிடி ஆகிய இரட்டைக் கிளட்ச் பெட்டிகளும், மாருதி, டாடா, ரெனோ போன்றவற்றில் சாதாரண மேனுவல் பெட்டியையே கம்ப்யூட்டர் இயக்கும் ஏஎம்டியும் இதில் அடங்கும். இவற்றில் தட்டுக்கு எண்ணெய்க் குளியல் கிடையாது. கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் சுற்றும் காற்றுதான் ஒரே ஆறுதல். மே மாதத்தில் தார்ச்சாலை மேலிருந்து, இரு பக்கமும் டிரெய்லர் டயருக்கும் எஞ்சினுக்கும் நடுவே நின்றபடி எடுக்கும் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சமதளத்தில் ஊர்வதால் மட்டும் எச்சரிக்கை வருவது அபூர்வம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள வண்டி நின்ற நிலையிலிருந்து கிளட்ச் பிடிக்கும் வேகத்தை எட்டும்போது தட்டில் உண்டாகும் வெப்பம் இரண்டரை கிலோஜூல் அளவுதான். அடுத்த நகர்வுக்குள் அது தணிந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பது மேடு. எர்ணாவூர் மேம்பாலம், மூலக்கடை மேம்பாலம், பேசின் பாலத்து ஏற்றம் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சரிவு என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

அந்தச் சரிவில் வண்டி பின்னால் உருளாமல் இருக்கவே 740 நியூட்டன் அளவு விசை வேண்டும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி எஞ்சினை 1,200 சுற்றில் வைத்து வண்டியை அப்படியே நிறுத்தி வைக்கிறார் என்போம். சக்கரம் நிற்கிறது, எஞ்சின் சுற்றுகிறது. எஞ்சின் தரும் சக்தி முழுவதும் கிளட்ச் தட்டில் வெப்பமாக மாறுகிறது. கணக்கில் அது ஏறக்குறைய 1,900 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். கிட்டத்தட்ட இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைப் பெல் ஹவுசிங்குக்குள் மூடி வைத்து ஆன் செய்தது போல. ஒரு நிமிடம் அப்படி நின்றால் 115 கிலோஜூல். வெப்பத்தை ஏற்கும் வார்ப்பிரும்பு நான்கு கிலோ என்று கொண்டால், அந்த ஒரே நிமிடத்தில் அதன் வெப்பநிலை 60 டிகிரி ஏறும். பாலத்தின் மேல் இப்படி இரண்டு மூன்று நிமிடம் ஆனால் லைனிங் கருகும் வாசனை வர வேறெதுவும் தேவையில்லை.

ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கைப் பாதி மிதித்து, வண்டி அங்குலம் அங்குலமாக நகரவிடுகிறவர்கள் தாங்கள் மென்மையாக ஓட்டுவதாக நினைப்பார்கள். பிரேக்கை விட்டதும் தானாக ஊரும் கிரீப் வசதியுள்ள வண்டியில், பிரேக்கை முழுதாக மிதித்தால்தான் கம்ப்யூட்டர் கிளட்ச்சை விடுவிக்கும். பாதி மிதித்தால் அது நகரப் பார்க்கிறது, நாம் தடுக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் தட்டு தேய்கிறது. முன்னே போகும் வண்டியோடு ஒட்டிக்கொண்டே போக வேண்டும் என்ற நம்ம ஊர்ப் பழக்கம் இந்த கியர்பாக்ஸுக்கு முதல் எதிரி. இடைவெளி விட்டால் ஆட்டோ நுழைந்துவிடும் என்பது உண்மைதான். நுழையட்டும். ஆட்டோவுக்கு விட்ட இடத்தைவிடக் கிளட்ச் செட் விலை அதிகம்.

அதே மேட்டில் இரண்டு விதமாக எட்டு மீட்டர் நகர்வதைப் பார்ப்போம். ஒருவர் முன்வண்டி ஒரு மீட்டர் நகர்ந்தால் தானும் ஒரு மீட்டர் நகர்கிறார், எட்டு முறை. ஒவ்வொரு நகர்விலும் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும், முழுதாகப் பிடிப்பதற்குள் பிரேக் விழும். ஒரு நகர்வுக்கு ஐந்து கிலோஜூல் வீதம் மொத்தம் நாற்பது. இன்னொருவர் பிரேக்கை முழுதாக மிதித்து நின்று, முன்னே எட்டு மீட்டர் இடம் விழுந்ததும் ஒரே மூச்சில் ஏறுகிறார். முதல் நான்கு நொடி வழுக்கல், அதற்குப் பின் கிளட்ச் முழுதாகப் பிடித்துக்கொள்ளும். மொத்தம் பத்து கிலோஜூல்தான். தூரம் அதே, நேரமும் ஏறக்குறைய அதே. வெப்பம் நாலில் ஒரு பங்கு. அது மட்டுமில்லை, நகர்வுகளுக்கு நடுவே இவருடைய தட்டுக்கு ஆற நேரமும் கிடைக்கிறது.

ஆக, செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று: முழுதாக நிற்க வேண்டும், இல்லை ஏழு கிலோமீட்டருக்கு மேல் நகர வேண்டும். ஆட்டோ ஹோல்டு இருந்தால் போட்டுவிடலாம். கால் பாதி மிதிக்கும் பழக்கத்தை அது தானாகவே ஒழித்துவிடும். ஏஎம்டியில் ஹில் ஹோல்டு இருந்தாலும் இரண்டு நொடிதான் பிடிக்கும், அதை நம்பி மேட்டில் ஆக்ஸிலரேட்டருக்குத் தாவக்கூடாது. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, கிளட்ச் கடிப்பது வண்டியின் முதுகு லேசாக அழுந்துவதில் தெரிந்ததும் விடுவிப்பது பழைய முறை. இன்றும் அதுவே நல்ல முறை. இரட்டைக் கிளட்ச்சில் மேனுவல் மோடில் முதல் கியரைப் பூட்டி வைப்பதும் உதவும். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. பத்து கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி ஊரும்போது பெட்டி ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலிலும் ஒரு தட்டு விட, இன்னொரு தட்டு வழுக்கிப் பிடிக்க வேண்டும். முதல் கியரிலேயே வைத்தால் அந்தத் தாவல் நிற்கும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சிக்னலில் நியூட்ரல் போட வேண்டுமா என்ற கேள்விக்குத் தெருவுக்கு ஒரு பதில் கிடைக்கும். இரண்டு வகை கிளட்ச்சும் எதிரெதிராக வேலை செய்வதுதான் குழப்பத்துக்குக் காரணம். உலர் இரட்டைக் கிளட்ச் இயல்பில் விட்ட நிலையில் இருப்பது. பிடிக்கத்தான் அழுத்தம் வேண்டும். டி-யில் பிரேக்கை முழுதாக மிதித்து நின்றால் தட்டு சும்மா இருக்கும், நியூட்ரல் போட்டு பெரிதாக எதுவும் மிச்சமில்லை. ஏஎம்டியில் இருப்பது நம்ம பழைய டயஃப்ரம் ஸ்பிரிங் கிளட்ச். அது இயல்பில் பிடித்த நிலையில் இருப்பது. டி-யில் நிற்கும் வரை ஆக்சுவேட்டர் அதை அழுத்திப் பிடித்து விலக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ரிலீஸ் பேரிங்கும் சுமையோடு சுற்றிக்கொண்டே இருக்கும். பெடல் வண்டியில் சிக்னல் முழுக்கக் கிளட்ச்சை மிதித்து நிற்பதற்குச் சமம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டால், ஏஎம்டிக்காரர் நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிட வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் எந்த நிறுத்தமானாலும் அப்படியே.

எச்சரிக்கை வந்துவிட்டது என்று வைப்போம். ஹூண்டாய், கியா டிசிடியில் படிகள் தெளிவு. முதலில் `Transmission temp. is high! Stop safely` என்று வரும். அப்போது வண்டி ஓடும், ஆனால் எடுப்பில் உதறல் தெரியலாம். அதையும் மீறி ஓட்டினால் `Trans Hot! Park with engine on` என்று வந்து, கிளட்ச்சைக் கம்ப்யூட்டரே விட்டுவிடும், வண்டி இழுக்காது. ஆறியதும் `Trans cooled. Resume driving` என்று வரும். மாடலுக்கு மாடல் எழுத்து கொஞ்சம் மாறும். டிஎஸ்ஜி பக்கம் `Gearbox overheated` என்று தொடங்கும் வரி வரும். ஏஎம்டிகளில் பல, கியர் எண்ணைச் சிமிட்டிப் பஸர் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளும். ரேடியோ சத்தமாக இருந்தால் அதைக் கவனிக்காமல் விடுகிறவர்களும் உண்டு.

இதில் `Park with engine on` என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். சூடு என்றதும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தத்தான் கை போகும். நிறுத்தக்கூடாது. பி-யில் போட்டு, பார்க்கிங் பிரேக் இழுத்து, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட வேண்டும். கிளட்ச் விட்ட நிலையில் ஃப்ளைவீலும் அதோடு சேர்ந்த தட்டுகளும் சுற்றி, ஹவுசிங்குக்குள் காற்றை அசைத்துக்கொண்டே இருக்கும். நிறுத்திவிட்டால் அந்தக் காற்றும் நின்று, சூடு இருந்த இடத்திலேயே உறைந்திருக்கும். திரையில் காத்திருக்கும் நேரம் காட்டினால் அது முடியும் வரை. காட்டாத வண்டியில் கால் மணி நேரமாவது. ஏசியை அணைப்பது தட்டுக்கு நேரடியாக உதவாது, ஆனால் முன்னால் இருக்கும் ரேடியேட்டர், கண்டன்ஸர் சூடு குறையும்.

மேட்டின் நடுவில் வந்தால்தான் சங்கடம். பின்னால் லோடு ஏற்றிய டிரெய்லர். முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்துப் பிரேக்கை முழுதாக மிதித்து, ஹசார்டு விளக்கைப் போட வேண்டும். முதல் கட்ட எச்சரிக்கை என்றால், முன்னே நல்ல இடைவெளி விழும் வரை பொறுத்து, ஒரே ஏற்றத்தில் உச்சிக்குப் போய், இறக்கத்தில் உருண்டு இறங்கி ஓரம் கட்டலாம். இரண்டாம் கட்டம் என்றால் வண்டி இழுக்காது. பிரேக்கை விட்டால் பின்னால் உருளும். கால் பிரேக்கை எடுக்கும் முன் பார்க்கிங் பிரேக் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் இறங்குவதானால் இடது பக்கமாக.

ஆறி, எச்சரிக்கை அணைந்து, வண்டி முன்போல ஓடினால் அது சூடுதான். ஒருமுறை வந்து போனதற்காகக் கிளட்ச் மாற்றத் தேவையில்லை. அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் போனால் ஸ்கேனரை மாட்டும் முன்பே, "சார், மேட்டில வந்துதா, சமதளத்துல வந்துதா? காலைல முதல்ல எடுக்கும்போது உதறுதா?" என்று கேட்பார். அந்தக் கேள்விகளிலேயே பாதி விடை இருக்கிறது. சூட்டால் வந்தது ஊர்ந்த பிறகே வரும், ஆறியதும் போகும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் முதல் பத்து நிமிடத்தில் எச்சரிக்கை காட்டினால், அல்லது காலியான சாலையில் அறுபதில் போகும்போது காட்டினால், அது வேறு கதை.

இரட்டைக் கிளட்ச்சில் இன்னொரு தெளிவான அடையாளம் உண்டு. டிஎஸ்ஜியில் இரண்டு, நான்கு, ஆறு, ரிவர்ஸ் ஆகியவை ஒரே பக்கம். அந்தப் பக்கத்தில் பழுது கண்டால் கம்ப்யூட்டர் அதை மட்டும் மூடிவிட்டு மற்ற பாதியில் ஓட்டும். வண்டி ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவும், ரிவர்ஸ் விழாது. சூட்டில் இப்படி ஒரு பக்கம் மட்டும் சாகாது. ரிவர்ஸ் போய்விட்ட வண்டியைக் குறுக்குச் சந்தில் கொண்டுபோய்ச் சொருகிவிடாதீர்கள், வெளியே எடுக்கத் தள்ளத்தான் ஆள் வேண்டும்.

ஸ்கேனர் மாட்டும்போது, கம்ப்யூட்டர் பதிந்து வைத்த எரர் கோடு எண்ணை அழிக்கும் முன் எழுதி வாங்குவது முக்கியம். சில இடங்களில் முதல் வேலையாக அழித்துவிட்டு, "இப்ப ஒண்ணும் இல்ல சார்" என்பார்கள். எந்த வேகத்தில், எந்த வோல்டேஜில், எந்த வெப்பத்தில் கோடு விழுந்தது என்ற பதிவு அதோடு போய்விடும். பொதுக் கோடுகளில் `P0218` என்றால் கியர்பாக்ஸ் மிகைச் சூடு. `P0811` என்றால் கிளட்ச் அளவுக்கு மீறி வழுக்குகிறது. ஆறிய வண்டியிலும் இது திரும்ப வந்தால் தட்டு தேய்ந்துவிட்டது என்று நினைக்கலாம். `P0810` என்றால் கம்ப்யூட்டர் கேட்ட இடத்துக்குக் கிளட்ச் போகவில்லை; ஆக்சுவேட்டர், சென்சார், தேய்மானம் மூன்றையும் பார்க்க வேண்டும். டிஎஸ்ஜியில் `P17BF` அல்லது `P189C` வந்தால் அது ஹைட்ராலிக் அழுத்தம் ஏறாத கோளாறு, கியரையும் கிளட்ச்சையும் இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் பக்கம். அதை ஆறவைத்துச் சரிசெய்ய முடியாது, கிளட்ச் மாற்றினாலும் போகாது.

இதில் பலமுறை தப்பாகப் போவது ஒன்று உண்டு. பேட்டரி. சென்னைச் சூட்டில் மூன்று வருடம் ஓடிய பேட்டரி உள்ள வண்டி, ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு ஐட்லிங்கில் ஊரும்போது வோல்டேஜ் தடுமாறலாம். ஏஎம்டியின் பம்ப் மோட்டாரும் டிஎஸ்ஜியின் பம்ப்பும் அதே பேட்டரியைத்தான் நம்பியிருக்கின்றன. `P0562` என்ற குறைந்த வோல்டேஜ் கோடு கியர்பாக்ஸ் கோடுகளோடு சேர்ந்து இருந்தால், கியர்பாக்ஸைத் தொடும் முன் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் அது மாற்ற வேண்டிய பேட்டரி.

ஏஎம்டியில் இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஓட்டுநர் கதவைத் திறந்ததும் பல வண்டிகளில் பம்ப் 'ஜூய்ங்' என்று ஓடி நிற்கும், அது இயல்பு. சாவி ஆனில், கியரைத் தொடாமல் இருக்கும்போதே அந்தச் சத்தம் சில நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அழுத்தம் எங்கோ கசிகிறது அல்லது அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் ஓய்ந்துவிட்டது. இப்படி ஓயாமல் ஓடும் பம்ப் மோட்டாரும் சீக்கிரம் போகும். ஆகவே சத்தத்தை எண்ணிச் சொன்னால் மெக்கானிக்குக்கு எரர் கோடைவிட அது உதவும். இன்னொன்று பிரேக் லைட் சுவிட்ச். பிரேக் மிதித்த தகவல் வந்தால்தான் பெட்டி நியூட்ரலிலிருந்து கியர் எடுக்கும், நின்றதும் கிளட்ச்சை விடும். சுவிட்ச் விட்டு விட்டு வேலை செய்தால் ஊரும்போது எஞ்சின் நிற்கும், கியர் சிமிட்டும், எல்லாம் பெரிய நோய் மாதிரித் தெரியும். யாரையாவது பின்னால் நிற்கவைத்து, பிரேக்கை மெதுவாக இருபது முறை மிதித்து, விளக்கு ஒவ்வொரு முறையும் எரிகிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

கிளட்ச் மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், மாற்றிய பிறகு ஸ்கேனர் வழியாகக் கிளட்ச் கடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்பித்தார்களா என்று கேளுங்கள். தேய்ந்த தட்டுக்குப் பழகிய கணக்கோடு புதுத் தட்டை ஓட்டினால், கடி தப்பான இடத்தில் விழுந்து முதல் நாளே உதறும்; புதுச் செட்டும் அதே வேகத்தில் தேயும். பில்லில் அடாப்டேஷன் என்று ஒரு வரி இருக்க வேண்டும். வண்டியை எடுக்கும் முன், சமதளத்தில் ஒன்று, ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்துப் பாலத்தின் ஏற்றத்தில் ஒன்று என்று இரண்டு முறை நின்று எடுத்துப் பார்ப்பது நல்லது. ஏற்றத்தில் உதறாமல் எடுத்தால் பில்லைக் கட்டலாம்.